ஒரே நோட்டு, இரண்டு மைலேஜ்

மச்சானும் நானும் ஒரே 110 சிசி பைக்கை மாறி மாறி ஓட்டுகிறோம். பெட்ரோல் கணக்கும் ஒரே நோட்டில்தான். அதைப் பார்த்து அவர் லிட்டருக்கு 53.7 என்கிறார், நான் 56.2 என்கிறேன். கூட்டலில் இருவருமே தப்பு செய்யவில்லை.

| மீட்டர் | போட்டது (லிட்டர்) | ஓடியது (கி.மீ.) | மைலேஜ் |
|---|---|---|---|
| 18240 | 4.5 (ஃபுல்) | - | - |
| 18550 | 5 (ஃபுல்) | 310 | 62 |
| 18638 | 2 (ஃபுல்) | 88 | 44 |
| 18858 | 4 (ஃபுல்) | 220 | 55 |

மச்சான் கடைசிக் கட்டத்தில் உள்ள 62, 44, 55 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கிறார். நான் மொத்தம் ஓடிய 618 கிலோமீட்டரை, அதற்குச் செலவான 11 லிட்டரால் வகுக்கிறேன்.

அவர் வழியில் என்ன கோளாறு? ஊருக்குள் டிராஃபிக்கில் எரிந்த 2 லிட்டருக்கும், பைபாஸில் எரிந்த 5 லிட்டருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு கிடைக்கிறது. அந்த 44 வந்தது வெறும் 88 கிலோமீட்டரில். அது அவருடைய சராசரியையே கீழே இழுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் எரிந்த லிட்டர் சமமாக இருந்தால் இரண்டு வழியும் ஒரே விடைதான் தரும். தூரம் மட்டும் சமமாக இருந்தால் போதாது. போகும்போது 60 கி.மீ.க்கு 1 லிட்டர், திரும்பும்போது அதே 60 கி.மீ.க்கு 1.5 லிட்டர் என்றால் மைலேஜ் 60, 40. சராசரி 50 போலத் தெரியும். ஆனால் 120 கி.மீ.க்கு 2.5 லிட்டர், அதாவது 48தான்.

இது சின்ன வித்தியாசம் என்று விட்டுவிடலாம். ஆனால் டேங்கை நிரப்பாமல் கொஞ்சமாகப் போட்டால் மச்சான் வழி அடியோடு கவிழ்ந்துவிடும். 18550இல் கையில் காசு குறைவு, 2 லிட்டர் மட்டும் போட்டோம் என்று வையுங்கள். 310 கி.மீ.க்கு 2 லிட்டர், மைலேஜ் 155! அடுத்த முறை ஃபுல் செய்யும்போது விட்டுப்போன 3 லிட்டரும் சேர்ந்து 5 லிட்டர் பிடிக்கும். 88 கி.மீ.க்கு 5 லிட்டர், மைலேஜ் 17.6. மூன்றாவது 55ஐயும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 76 வரும். இந்த மைலேஜை எந்த ஷோரூம்காரரும் சொல்ல மாட்டார். மொத்தக் கணக்கில் பாருங்கள்: 2 + 5 + 4 = 11 லிட்டர், 618 கி.மீ., அதே 56.2. முதலும் கடைசியும் ஃபுல் டேங்காக இருந்தால் போதும், நடுவில் இருநூறு ரூபாய்க்குப் போட்டாலும் கணக்கு கலையாது.

‘ஃபுல்’ என்பதிலும் ஒரு நெளிவு உண்டு. சைடு ஸ்டாண்டில் சாய்த்து ஒரு நாள், சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி ஒரு நாள் என்று நிரப்பினால் 0.2 லிட்டர் முன்பின் ஆகலாம். 2 லிட்டர் போட்ட இடத்தில் அது 2.2 ஆனால் 44 என்பது 40 ஆகிவிடும். மொத்தத்தில் நடுவே வரும் தவறுகள் அடுத்த நிரப்பில் சரியாகிவிடுகின்றன, இரண்டு முனைகளின் தவறு மட்டுமே மிஞ்சும். 11 லிட்டரில் 0.2 கூடினாலும் 55.2தான். அதனால் முதலுக்கும் கடைசிக்கும் மட்டுமாவது ஒரே மாதிரி நிறுத்தி, ஒரே அளவுக்கு நிரப்புங்கள்.

என் வழியில் பலர் சறுக்கும் இடம் முதல் வரி. அந்த 4.5 லிட்டர் அதற்கு முன்பு ஓடிய தூரத்துக்கானது. அதையும் சேர்த்தால் 15.5 லிட்டராகி, மைலேஜ் 40க்குக் கீழே போய்விடும். முதல் நிரப்பில் மீட்டரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். தலைப்புக்கு முதல் வரி, மீட்டர் A, ‘ஃபுல்’ என்று எழுதாமல் லிட்டர் எண் மட்டும் B என்று ஷீட்டில் போட்டிருந்தால்:

```
=(A5-A2)/SUM(B3:B5)
```

B2 இதில் வேண்டுமென்றே இல்லை.

அப்படியானால் மச்சானின் கடைசிக் கட்டத்தை அடித்துவிடலாமா? வேண்டாம். சராசரி எடுக்கத்தான் அது உதவாது. ஃபுல் டு ஃபுல்லாகப் போட்டு வரும்போது, வழக்கமான ரூட்டிலேயே திடீரென்று 45க்கு இறங்கினால் டயரில் காற்று குறைவா, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும். மொத்தக் கணக்கில் அது கரைந்துபோகும்.

மொத்தக் கணக்கால் தாங்க முடியாதது ஒன்று உண்டு: எழுத மறந்த பில். அந்த 2 லிட்டர் வரியே நோட்டில் இல்லை என்றால் 618ஐ 9ஆல் வகுத்து 68.7 என்று பூரித்துப்போவோம். அப்போதும் கடைசிக் கட்டம்தான் காட்டிக்கொடுக்கும், 308 கி.மீ.க்கு 4 லிட்டர், 77 என்று. அந்த வண்டி 77 தராது. விட்டுப்போன லிட்டரைக் குத்துமதிப்பாக எழுதாமல், அடுத்த ஃபுல் டேங்கிலிருந்து புதுக் கணக்கு தொடங்குவதுதான் சரி.