இரண்டு முறை புரியாவிட்டால் ஆள் வர வேண்டும்: எங்கள் டைல்ஸ் பட்டறையில் சாட்பாட்டோடு 14 மாதங்கள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை இருக்கிறது. கண்ணாடி மேல் சாயம் ஊற்றிக் கல் போடுவது சித்தப்பாவின் பொறுப்பு, ஆர்டரும் கணக்கும் என் பொறுப்பு. போன வருடம் வாட்ஸ்அப்பில் ஒரு சாட்பாட் வைத்தோம். விலை என்ன, எத்தனை நாளில் வரும், பட்டறை எங்கே இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கே என் நாள் பாதி போய்க்கொண்டிருந்தது. அந்த மூன்றையும் அது நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. நான் இங்கே சொல்ல வருவது, அதற்குப் புரியாதபோது என்ன நடக்கிறது என்பதைப் பற்றி.

அமைத்துக் கொடுத்தவர்கள், நான்கு முறை புரியாவிட்டால்தான் ஆளிடம் மாற்றும்படி வைத்திருந்தார்கள். அப்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சில வாரங்களிலேயே தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதினார். பழைய வீட்டில் வளவை ஒட்டிய அறைக்குத் தளம் மாற்ற வேண்டுமாம்.

"வளவு அறைக்கு 10க்கு 12. சுத்திப் பார்டர் வச்சா எத்தனை கல்லு வேணும்?"

இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது. ஆனால் சாட்பாட்டுக்குத் தெரிந்தது 'டைல்ஸ்' என்ற சொல்தான். கல்லு தெரியாது, வளவு தெரியாது. மன்னிக்கவும், புரியவில்லை என்று சொல்லி விலை, டெலிவரி, முகவரி என மூன்று பட்டன்களைக் காட்டியது. ஆச்சி "பார்டர் கல்லு" என்று எழுதினார். மறுபடி அதே மன்னிப்பு. "கல்லு எத்தனை" என்றார். மறுபடியும் அதேதான். கடைசியில் "ம்" என்று போட்டுவிட்டு நிறுத்திவிட்டார். சாயங்காலம் போனில் கூப்பிட்டு, "தம்பி, கடையில ஆள் யாரும் இல்லையா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த அலுப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று ராத்திரி பழைய உரையாடல்களை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. புரியவில்லை என்று பாட் சொன்னதும் மக்கள் விளக்கமாக எழுதுவதில்லை, சுருக்கித்தான் எழுதுகிறார்கள். முதல் செய்தியில் அளவு, இடம், தேவை எல்லாம் இருக்கும். இரண்டாவதில் இரண்டு சொல் மிஞ்சும், மூன்றாவதில் ஒன்று. அதனால் மூன்றாவது வாய்ப்பு கொடுப்பதில் பாட்டுக்கு ஒரு லாபமும் இல்லை, அதன் கையில் இருக்கும் விவரம் குறைந்துகொண்டேதான் போகிறது. அப்படியென்றால் முதல் தடவையிலேயே மாற்றிவிடலாமே? ஒரு வாரம் அதையும் செய்து பார்த்தேன். எழுத்துப்பிழை, பாதியில் அனுப்பிய வாக்கியம் எல்லாம் என்னிடம் வந்து குவிந்தன. இவற்றை ஒரே ஒரு மறுகேள்வியில் பாட்டே சரிசெய்துவிடும். இரண்டில் நிறுத்தியது இப்படித்தான்.

எண்ணை மாற்றியதும் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. எண்ணிக்கை எப்போது பூஜ்யத்துக்குத் திரும்புகிறது என்பதில் ஓட்டை இருந்தது. "சரி", "ம்", "அண்ணே" போன்றவற்றைப் பேச்சு மரியாதையாகப் பாட் புரிந்துகொள்ளும். புரிந்த செய்தி வந்துவிட்டது என்று எண்ணிக்கையையும் அழித்துவிடும். ஒருவர் "கல்லு எத்தனை", "சரி", "கல்லு எத்தனை", "சரி" என்று நாள் முழுக்க எழுதினாலும் இரண்டைத் தொடவே மாட்டார். பட்டனைத் தட்டி மெனுவுக்குப் போனாலும் இதே கதைதான். இப்போது கேட்ட வேலை முடிந்தால் மட்டுமே எண்ணிக்கை அழிகிறது:

```
if unclear: miss = miss + 1
if request_done: miss = 0
if miss >= 2: handover()
```

இதற்கு நேர் எதிரான சிக்கல் ஒன்றும் வந்தது. நம் ஊரில் பலர் ஒரே விஷயத்தைத் துண்டு துண்டாக அனுப்புவார்கள். "வணக்கம்ணே", "ஒரு விஷயம்", "போன மாசம் வாங்குனோம்ல" என்று மூன்று செய்தி பத்து நொடிக்குள் வரும். கேள்வி வருவதற்கு முன்பே இரண்டு 'புரியவில்லை' ஆகி, என் போன் அடித்துவிடும். கடைசிச் செய்திக்குப் பிறகு 8 நொடி காத்திருந்து, வந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரு செய்தியாகப் படிக்கும்படி வைத்த பிறகுதான் இது அடங்கியது.

இரண்டு என்ற விதி பிடிக்கவே முடியாத ஒரு வகையும் உண்டு. பாட் தவறாகப் புரிந்துகொண்டு, புரிந்துவிட்டதாகவே நம்புவது. "டெலிவரி ஆன கல்லு உடஞ்சிருக்கு" என்று ஒருவர் எழுத, டெலிவரி எத்தனை நாள் என்று அது பதில் சொன்னது. அதன் கணக்கில் அங்கே குழப்பமே இல்லை, எனவே எண்ணிக்கை ஏறாது. உடைந்தது, கீறல், பணம் திரும்ப, சாயம் போகுது போன்ற சொற்கள் வந்தால் எண்ணாமல் நேராக என்னிடம் அனுப்பச் சொல்லிவிட்டேன். குரல் செய்திக்கும் அப்படியே. எங்கள் பாட்டுக்கு அதைக் கேட்கத் தெரியாது, அதை அனுப்புகிறவர்களில் பலர் தட்டச்சு செய்யச் சிரமப்படும் வயதானவர்கள். அவர்களிடம் இன்னொரு முறை எழுதுங்கள் என்று கேட்பது தப்பு.

இந்தத் தை மாதம் அதே ஆச்சி திரும்ப எழுதினார். இன்னொரு அறை, அதே 10க்கு 12. இரண்டாவது குழப்பத்தில் பாட், "எங்கள் ஆளிடம் சொல்லியிருக்கிறேன், நீங்கள் எழுதியதை அவர் பார்க்கிறார்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அவர் எழுதிய இரண்டு செய்தியும் அப்படியே என் திரையில் இருந்தன. மறுபடி எதையும் கேட்காமல் பதில் எழுதினேன்: "ஆச்சி, 8 அங்குலக் கல் என்றால் நீளத்துக்கு 18, அகலத்துக்கு 15, மொத்தம் 270. சுற்றி ஒரு வரிசை பார்டர் 58, மூலைக்கல் 4, நடுவில் பூக்கல் 208. கையால் போடுவதால் அடுத்த தடவை நிறம் கொஞ்சம் மாறலாம், அதனால் உடைசலுக்கு 12 சேர்த்தே போட்டுவிடட்டுமா?" ஐந்து நிமிடத்தில் "போடுப்பா" என்று வந்தது.

ஆள் உள்ளே வந்த பிறகு பாட் வாய் திறக்கக் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் நான் விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது நடுவில் புகுந்து மெனு காட்டியது, வாடிக்கையாளர் யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் குழம்பினார். இப்போது 'முடிந்தது' என்று நான் குறிக்கும்வரை அது பேசாது.

இன்னும் முழுதாகத் தீராதது ஞாயிற்றுக்கிழமை. வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் இப்படிப் பாட் இணைத்த வாட்ஸ்அப் வணிகக் கணக்கிலிருந்து நம் விருப்பப்படி எழுத முடியும். அது தாண்டினால் முன்கூட்டியே அனுமதி வாங்கிய வார்ப்புருச் செய்தி மட்டும்தான் போகும். சனி சாயங்காலம் 6 மணிக்கு ஆளிடம் மாறிய ஒருவருக்குத் திங்கள் காலை பதில் எழுத உட்கார்ந்தால் கதவு மூடியிருக்கும். அதனால் வேலை நேரத்துக்கு வெளியே மாறினால், எந்த நாள் எத்தனை மணிக்குப் பதில் வரும் என்று பாட் அப்போதே சொல்லிவிடுகிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு நானோ என் தங்கையோ அரை மணி நேரம் உட்கார்ந்து, காத்திருப்பவர்களுக்கு எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்கிறோம்.