நான்கட்டாயா, நெய் பிஸ்கட்டா: எது வெடிக்கும், எது கரையும்?

சூரத்து நான்கட்டாயும் நம் ஊர் பேக்கரி கண்ணாடி ஜாடியில் இருக்கும் நெய் பிஸ்கட்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டிலும் முட்டை இல்லை, தண்ணீர் இல்லை, நெய்யும் பொடித்த சர்க்கரையும் உண்டு. ஆனால் மேலே வெடிப்பதற்கும் வாயில் கரைவதற்கும் காரணங்கள் வேறு வேறு.

ஒரே நெய்யில் இரண்டையும் செய்து பார்த்தேன். நெய் பிஸ்கட்டுக்கு மைதா 150 கிராம், நெய் 90, சர்க்கரைப் பொடி 75. நான்கட்டாய்க்கு நெய்யும் சர்க்கரையும் அதே அளவுதான். மாவை மட்டும் மைதா 90, கடலை மாவு 45, ரவை 15 என்று பிரித்து, கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் ஏலப்பொடியும் சேர்த்தேன். இரண்டுமே 170 டிகிரியில் வெந்தன.

நெய் பிஸ்கட் வழுவழுப்பாகவே வந்தது. ஓரத்தில் மட்டும் மெல்லிய கீறல். நான்கட்டாய் பத்தாவது நிமிடத்திலேயே பூப்போல விரியத் தொடங்கியது. மேல்பரப்பு முதலில் காய்ந்து இறுகிவிடுகிறது. உள்ளே சோடா கிளப்பும் வாயு அதைத் தள்ளிப் பிளக்கிறது. கடலை மாவில் இழுத்துப் பிடிக்கும் பசைத்தன்மை கிடையாது, அதனால் பிளவு ஆழமாகவே விழுகிறது. நிறைய வெடிக்கட்டும் என்று சோடாவைக் கூட்டினால் பிஸ்கட் தட்டையாகப் பரவி, நாக்கில் சோப்புக் கசப்பு தட்டும்.

கரைவதில் நெய் பிஸ்கட்தான் ஜெயித்தது. மைதாவின் பசை இழுக்கத் தண்ணீர் வேண்டும். நெய்யில் அது இல்லை. வெண்ணெய் போட்டால் அதிலிருக்கும் ஈரமே பசையைக் கிளப்பிவிடும், பிஸ்கட் கரையாமல் மொறுமொறுக்கும். நான்கட்டாயும் கரையும்தான், ஆனால் ரவை மணல்மணலாகப் பல்லில் பட்டபிறகு. எனக்கு அந்த மணலும், வறுபட்ட கடலை மாவு வாசனையும்தான் பிடிக்கிறது. ஏலக்காய் டீயோடு நான்கட்டாயைத்தான் எடுப்பேன். பல் இல்லாத பாட்டிக்கு என்றால் யோசிக்காமல் நெய் பிஸ்கட்.

அரபு நாடுகளில் இருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் குராய்பாவும் இதே குடும்பம்தான். சோடா இல்லாமல், குறைந்த சூட்டில், வெளுப்பு மாறாமல் சுடுவார்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து நெய்யின் பதம். சித்திரை வெயிலில் நெய் எண்ணெயாக உருகி நிற்கும். அதில் பிசைந்தால் தட்டில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பரவும். மணல்மணலாக உறைந்த நெய்யைச் சர்க்கரையோடு வெளுக்கும்வரை அடித்து, மாவைச் சேர்த்து, உருண்டைகளைத் தட்டில் வைத்து அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் விடுங்கள். உருண்டையை லேசாக அழுத்தும்போது ஓரம் சற்றே விரியவேண்டும்; பொலபொலவென உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் நெய் போதும், பால் ஊற்றாதீர்கள்.

அடிப்பக்கம் இளம்பொன்னிறமானதும் வெளியே எடுத்துவிடுங்கள். அப்போது தொட்டால் மெத்தென்று அமுங்கும், வேகவில்லையோ என்று தோன்றும். ஆறியபின்தான் இறுகும். கடலை மாவு சேர்த்ததை மட்டும் ஒன்று உடைத்து முகர்ந்து பாருங்கள். பச்சை வாசனை அடித்தால் இன்னும் இரண்டு நிமிடம்.