சராசரியா, இடைநிலையா, இருபக்கமா: 25 பாக்கெட்டை வைத்து எந்தச் சோதனை?

மாவு பாக்கெட் போடும் மெஷினில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் பாக்கெட்டின் சராசரி எடை 500 கிராம். மாவைத் தள்ளும் திருகுத் தண்டின் பிடி தளர்ந்துவிட்டால் சராசரி 498 கிராமுக்கு இறங்கிவிடும். பாக்கெட்டுக்குப் பாக்கெட் வரும் ஏற்ற இறக்கம் இரண்டு நிலையிலும் ஒன்றுதான், திட்ட விலக்கம் 4 கிராம். எடைகள் இயல்நிலைப் பரவலை ஒட்டியே விழுகின்றன. ஷிப்டுக்கு 25 பாக்கெட்டை எடைபோட்டு, மெஷினை நிறுத்திப் பிரிக்கலாமா ஓடவிடலாமா என்று சொல்ல வேண்டும். இதுதான் வேலை.

அதாவது இரண்டே இரண்டு எளிய கருதுகோள்கள். இன்மைக் கருதுகோள் H0: μ = 500, மாற்றுக் கருதுகோள் H1: μ = 498. ‘எளிய’ என்றால், எதை உண்மை என்று எடுத்துக்கொண்டாலும் பரவல் முழுதாகத் தெரிந்துவிடும், தெரியாத எண் எதுவும் மிச்சமிருக்காது.

முன்னால் இருந்த வழிகள் நான்கு. 25 எடைகளின் சராசரி ஓர் எல்லைக்குக் கீழே போனால் மெஷினை நிறுத்துவது. அதே சராசரி மேலோ கீழோ ரொம்ப விலகினால் நிறுத்துவது, அதாவது இருபக்கச் சோதனை. சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை எடுப்பது. கடைசியாக, 500க்குக் கீழே எத்தனை பாக்கெட் என்று வெறுமனே எண்ணுவது. நான் எடுத்தது முதல் வழி, இன்றும் அதில்தான் நிற்கிறேன். கணக்குப் போடுவது எது சுலபம் என்ற பேச்சுக்கே நான் போகவில்லை, நான்குமே ஒரு தாளில் முடிகிற வேலைதான். முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று: பொய் எச்சரிக்கையின் அளவை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கட்டிவைத்துவிட்டு, உண்மையான கோளாறை எது அதிகம் பிடிக்கிறது என்று பார்ப்பது. முதல் வகைப் பிழை α எல்லாருக்கும் 5 சதவீதம், அப்புறம் திறனை ஒப்பிடு. α-வைச் சமமாக வைக்காமல் ‘இந்தச் சோதனை கோளாறை நன்றாகப் பிடிக்கிறது’ என்று சொல்வதில் ஒரு அர்த்தமும் இல்லை, தினமும் மெஷினை நிறுத்தினால்கூடக் கோளாறு 100 சதவீதம் பிடிபடும்.

சரி, எது சிறந்தது என்று எப்படித் தெரியும்? ஜெர்சி நெய்மனும் ஈகன் பியர்சனும் 1933இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு முடிவான பதில் இருக்கிறது. 25 எடைகள் எப்படியெல்லாம் அமையலாமோ அந்த ஒவ்வொரு அமைப்பையும் கடையில் இருக்கும் ஒரு பொருளாக நினைத்துக்கொள்ளுங்கள். H0-இன் கீழ் அதன் நிகழ்தகவுதான் விலை, H1-இன் கீழ் அதன் நிகழ்தகவுதான் அதனால் கிடைக்கும் பலன். கையில் இருப்பது 5 சதவீதம் மட்டும். அதிகப் பலன் வேண்டுமென்றால் என்ன செய்வோம், ஒரு ரூபாய்க்கு எது அதிகப் பலன் தருகிறதோ அதிலிருந்து தொடங்கி, பணம் தீரும்வரை வரிசையாக வாங்குவோம். பலனை விலையால் வகுத்தால் வருவதுதான் லைக்லிஹுட் விகிதம், λ = f1/f0. பணம் தீர்ந்த இடத்தில் இருக்கும் λ-வின் மதிப்பு k.

நிரூபணமும் இதே பாதைதான். வேறு யாராவது அதே 5 சதவீதத்துக்கு வேறொரு பட்டியல் போட்டால், என் பட்டியலிலிருந்து சிலதை விட்டுவிட்டு வெளியிலிருந்து சிலதை எடுத்திருப்பார். விட்டவற்றின் மொத்த விலையும் எடுத்தவற்றின் மொத்த விலையும் சமம். விட்டது எல்லாவற்றிலும் λ குறைந்தது k, எடுத்தது எல்லாவற்றிலும் λ அதிகபட்சம் k. ஆகவே அவர் இழந்த பலன், பெற்ற பலனை விடக் குறைவாக இருக்க வழியே இல்லை. இதில் இயல்நிலைப் பரவல் என்ற பேச்சே வரவில்லை என்பதைக் கவனியுங்கள், எந்த இரண்டு எளிய கருதுகோளுக்கும் இது நிற்கும்.

இயல்நிலை வருவது அடுத்த படியில். விகிதத்தை எழுதி மடக்கை எடுத்தால்:

```
ln λ = [ Σ(x − 500)² − Σ(x − 498)² ] / (2·16)
     = 25 · 4 · (499 − x̄) / 32
     = 3.125 · (499 − x̄)
```

வர்க்கங்களை விரித்தால் Σx² அடிபட்டுப்போகிறது, மிஞ்சுவது சராசரி x̄ மட்டும். 25 எண்களில் இந்தக் கேள்விக்கு வேண்டிய தகவல் முழுதும் அந்த ஒரே எண்ணில் இருக்கிறது, இடைநிலையிலோ எண்ணிக்கையிலோ இல்லை. x̄ குறையக் குறைய λ ஏறும். அதனால் ‘λ பெரிதாக இருந்தால் நிறுத்து’ என்பதும் ‘x̄ சிறிதாக இருந்தால் நிறுத்து’ என்பதும் ஒன்றே.

எல்லை எங்கே? x̄-இன் திட்டப் பிழை 4/√25 = 0.8. மெஷின் சரியாக இருக்கும்போது 5 சதவீதம் மட்டும் தவறாக நிறுத்த வேண்டும் என்றால் 500 − 1.645 × 0.8 = 498.684. சராசரி இதற்குக் கீழே போனால் நிறுத்து. இந்த இடத்தில் k சுமார் 2.7. திறன் என்ன? உண்மையில் சராசரி 498 என்றால், (498.684 − 498)/0.8 = 0.855, அதற்குக் கீழே விழும் நிகழ்தகவு சுமார் 80 சதவீதம். ஐந்தில் நான்கு முறை கோளாறு அந்த ஷிப்டிலேயே பிடிபடுகிறது.

மற்ற மூன்றையும் அதே தராசில் வைத்துவிடுவோம். இருபக்கச் சோதனையில் கீழ் எல்லை 500 − 1.96 × 0.8 = 498.43க்கு இறங்கிவிடுகிறது, திறன் சுமார் 70 சதவீதம். மேல்பக்கம் வீணாகச் செலவழித்த 2.5 சதவீதத்தின் விலை அது. இடைநிலை அளவின் திட்டப் பிழை சராசரியுடையதை விட ஏறக்குறைய கால் பங்கு அதிகம், சுமார் 1.0 என்று வைத்தால் திறன் 64 சதவீதம் அளவில் நிற்கிறது. எண்ணிப் பார்க்கும் வழியில் 5 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கவே முடியாது: 17 அல்லது அதற்கு மேல் பாக்கெட் குறைந்திருந்தால் நிறுத்து என்றால் α 5.4 சதவீதம், 18 என்றால் சட்டென 2.2க்கு விழுகிறது. அந்தத் தாராளமான 5.4-ஐக் கொடுத்தும் திறன் 63 சதவீதம்தான்.

இதைச் சதவீதமாகச் சொன்னால் யாரும் அசையமாட்டார்கள், பாக்கெட்டாகச் சொன்னால் புரியும். அதே 80 சதவீதத்தை எட்ட இருபக்கச் சோதனைக்கு 32 பாக்கெட் வேண்டும், இடைநிலைக்கு 39 பக்கம் போகும். ஒவ்வொரு ஷிப்டிலும் 14 பாக்கெட்டைக் கூடுதலாக எடைபோடுவது, அதுவும் அதே பதிலுக்காக, எனக்கு ஒப்பவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 498.684 என்ற எல்லையைப் போடும்போது 498 என்ற எண்ணை நான் எங்கும் பயன்படுத்தவில்லை. 500, 4, 25, 5 சதவீதம் இவை மட்டும் போதுமானதாக இருந்தது. தண்டு இன்னும் மோசமாகத் தளர்ந்து சராசரி 497க்கு விழுந்தாலும் சிறந்த சோதனை இதே சோதனைதான். 500க்குக் கீழே எந்த மதிப்பானாலும் அப்படித்தான், திறன் மட்டும் மாறும். ஆனால் சராசரி மேலேயும் ஏறக்கூடிய மெஷின் என்றால் இந்த வசதி போய்விடும். மேல்பக்கத்துக்கு ஒரு சிறந்த சோதனை, கீழ்பக்கத்துக்கு வேறொன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒரே சிறந்த சோதனை என்று ஒன்று கிடையாது. அங்கே இருபக்கச் சோதனை எடுப்பவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன், 10 சதவீதத் திறனைக் கொடுத்து அவர் வாங்குவது உண்மையான பாதுகாப்பு. திட்ட விலக்கம் தெரியாத இடத்திலும் கதை வேறு, அப்போது கருதுகோள் எளியது இல்லை, t-சோதனைக்குப் போக வேண்டும்.

இடைநிலைக்கும் நியாயம் சொல்ல வேண்டும். சராசரியின் வெற்றி முழுக்க இயல்நிலைப் பரவல் என்ற அடித்தளத்தில் நிற்கிறது. கிழிந்த பாக்கெட் ஒன்று 480 கிராமில் வந்து மாட்டுகிறது என்று வையுங்கள். மற்ற 24-இன் சராசரி 499.4, கவலைப்பட ஒன்றுமில்லாத எண். மொத்தச் சராசரியோ 498.624, எல்லைக்குக் கீழே, மெஷினை நிறுத்தச் சொல்கிறது. அந்த ஒரு பாக்கெட் மட்டும் ln λ-வில் சேர்க்கும் பங்கு (400 − 324)/32 = 2.375, அதாவது விகிதத்தைப் பத்து மடங்குக்கு மேல் ஏற்றுகிறது. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: 480 என்பது 500-இலிருந்து ஐந்து திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது, இயல்நிலையில் அப்படி ஒன்று பத்து லட்சத்தில் ஒன்றுகூட வராது. அதனால் சராசரியோடு இடைநிலையையும் பக்கத்தில் எழுதிவைக்கிறேன், இரண்டும் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகினால் எடைகளைத் தனித்தனியாகப் பார்ப்பேன். இது எப்போதாவது ஒரு பாக்கெட் கிழியும் இடத்துக்குச் சரி. வால் தடித்த பரவல்தான் வழக்கம் என்றால், உதாரணமாக லாப்லாஸ் பரவல் என்றால், பெரிய மாதிரிகளில் இடைநிலைதான் சராசரியை விட இரண்டு மடங்கு சிக்கனம். அங்கே லைக்லிஹுட் விகிதத்தை அந்தப் பரவலுக்கே எழுதிப் பார்ப்பதுதான் முறை.

கடைசியாக, நான் தேர்ந்தெடுத்த வழியிலேயே ஒரு பொறி இருக்கிறது. α என்ன என்று இந்தத் தேற்றம் சொல்வதில்லை. கணக்கெடுப்புக்காக 100 பாக்கெட் எடுத்து, பழக்கத்தில் அதே 5 சதவீதத்தை வைத்தால், திட்டப் பிழை 0.4, எல்லை 499.342. சராசரி 499.2 வந்தால் சோதனை ‘நிறுத்து’ என்கிறது. ஆனால் 499.2 என்பது 498-ஐ விட 500க்குப் பக்கத்தில் இருக்கிறது. ln λ = 12.5 × (499 − 499.2) = −2.5, அதாவது எடைகள் மெஷின் சரியாக இருக்கிறது என்பதையே பன்னிரண்டு மடங்கு ஆதரிக்கின்றன. 5 சதவீதத்துக்குச் சிறந்த சோதனை என்பதில் பொய் இல்லை, திறன் 99.9 சதவீதத்துக்கும் மேல். அவ்வளவு திறன் இருக்கும்போது 5 சதவீதப் பொய் எச்சரிக்கையை ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. எல்லையை 499க்கு, அதாவது λ = 1 என்ற இடத்துக்கு இறக்கினால் இரண்டு பிழையும் தலா 0.6 சதவீதம். அதனால் மாதிரியின் அளவை மாற்றும்போதெல்லாம் α-வை அப்படியே விடாமல், அந்த எல்லையில் k எவ்வளவு என்று ஒரு முறை போட்டுப் பார்க்கிறேன். k ஒன்றுக்கு வெகு கீழே போயிருந்தால் எல்லையை இறக்கிவிடுவேன்.