காணி வீடியோவில் எதைக் காட்டுவது: கடலையா, எல்லைக் கல்லையா?

திருகோணமலை நிலாவெளி வீதியில், சாம்பல்தீவுப் பக்கம் 15 பேர்ச் காணி ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டு விதமாக வீடியோ எடுக்கலாம். ட்ரோனை ஏற்றி, கடலில் தொடங்கித் தென்னைகளுக்கு மேலால் வந்து, காணியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுவது ஒன்று. போனைக் கையில் பிடித்துக்கொண்டு பிரதான வீதியிலிருந்து எங்கும் வெட்டாமல் காணிவரை நடந்து, நாலு மூலையையும் காட்டுவது மற்றது. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு முதன்முதலாகக் காணி தேடுகிறவருக்கு இரண்டாவதுதான் உதவும்.

ட்ரோனால் பயனே இல்லை என்று இல்லை. பக்கத்தில் வயலா, குளமா, களப்பா, கடல் உண்மையில் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் மேலிருந்து பார்த்தால்தான் பிடிபடும், அதற்கு அரை நிமிடம் கொடுக்கலாம். ஆனால் மேலிருந்து பார்த்தால் எல்லா நிலமும் ஒரே மட்டமாகத்தான் தெரியும், வீதியைவிடக் காணி இரண்டடி பள்ளமாக இருந்தாலும் தெரியாது. அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டவரும் நில அளவையாளர் அல்ல, வீடியோவை எடிட் செய்தவர்.

நடந்து எடுப்பதில் முதலில் நேரம் கொடுக்க வேண்டியது ஒழுங்கைக்கு. பலர் காரில் வந்து இறங்கிக் கேட்டடியில்தான் கேமராவைப் போடுகிறார்கள், பார்க்கிறவருக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். ஒழுங்கையின் ஆக ஒடுங்கின இடத்தில் டேப்பை விரித்து எத்தனை அடி என்று காட்டுங்கள், நாளைக்கு மண்ணும் கல்லும் ஏற்றிய டிப்பர் அதற்குள்ளால்தானே வர வேண்டும். அது பிரதேச சபை வீதியா, இன்னொருவர் காணிக்குள்ளால் போகிற பாதையா என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். வங்கிக் கடனுக்குப் போனாலும் இந்தப் பாதை உரிமையைப் பார்ப்பார்கள்.

அடுத்தது அளவு. போனில் 0.5x என்று இருக்கிற அகல லென்ஸில் எடுத்தால் சின்னக் காணியும் மைதானம் மாதிரித் தெரியும், அதனால் 1x-இலேயே எடுங்கள். 15 பேர்ச் என்றால் ஏறத்தாழ 4,084 சதுர அடி. முகப்பு 50 அடியாக இருந்தால் பின்னோக்கி 82 அடியளவு வர வேண்டும். கல்லில் இருந்து கல்லுக்கு டேப்பைப் பிடித்து, வருகிற எண்ணைக் கிட்டக் காட்டி, உடனேயே நில அளவைப் படத்தில் அதே பக்கத்தின் எண்ணையும் காட்டினால் பார்க்கிறவர் தானே சரிபார்த்துக்கொள்வார் (படம் மீற்றரில் இருந்தால் டேப்பையும் மீற்றரிலேயே வாசியுங்கள்). ஒரு மூலையில் கல் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். வேலி கல்லுக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்பதையும் விட்டுவிடக் கூடாது, பிறகு பக்கத்துக் காணிக்காரரோடு பிரச்சினை வருவது அதில்தான்.

உறுதியைத் திரையில் விரித்துக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் எதுவும் நிரூபணம் ஆகாது, உரிமையாளரின் அடையாள அட்டை இலக்கம் ஊருக்கெல்லாம் தெரிவதுதான் மிச்சம். தனியார் உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேமிட் காணியா என்பதை மட்டும் முதல் நிமிடத்திலேயே சொன்னால் போதும். பேமிட் காணி என்றால் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. மற்றதெல்லாம் வாங்குகிறவரின் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவைத் தேடிப் பார்க்கிற வேலை.

இனித் தண்ணீர். முதல்முறை வாங்குகிற யாரும் கேட்கிற கேள்வி, “மழைக்குத் தண்ணி நிக்குமா தம்பி?” திருகோணமலையில் பெருமழைக் காலம் ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை. ஓகஸ்டில் எடுத்த வீடியோவில் எந்தக் காணியும் காய்ந்து அழகாகத்தான் இருக்கும். கிணற்றுக்கோ இது நேரெதிர்: மழைக்காலத்தில் நிரம்பி நல்ல தண்ணீராக இருக்கிற கிணறு, கடலோரமாக இருந்தால், ஓகஸ்ட் செப்டெம்பரில் கீழே இறங்கி உப்புத் தட்டலாம்.

இரண்டு காலத்திலும் எடுத்து ஒட்டுவது நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் நான் டிசம்பரைத் தெரிவுசெய்வேன். கிணறு உப்பானாலும் வீதியில் குழாய்த் தண்ணீர் இருந்தால் இணைப்பு எடுக்கலாம், பள்ளக் காணியை நிரப்பப் போகிற செலவுக்கு அப்படி மாற்று வழி இல்லை. கோடையில்தான் எடுக்க வேண்டியிருந்தால் பக்கத்து மதிலுக்குக் கிட்டப் போங்கள். வெள்ளம் நின்ற இடத்தில் அடியில் ஒரே மட்டமாகச் சேற்று நிறக் கறை ஓடும், அதற்கு மேலே மதில் வெளிறி இருக்கும். அந்தக் கறைக்குப் பக்கத்தில் டேப்பை நிமிர்த்திப் பிடித்து உயரத்தைக் காட்டுங்கள். அயல் வீடுகளின் அத்திவாரம் எவ்வளவு உயர்த்திக் கட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து எடுங்கள்.