வெளுத்துப்போன ஹைலைட்டை மீட்க நான்கு வழிகள்: எது எங்கே நிற்கும்?

உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தில் எடுத்த ஒரே ஒரு ரா கோப்பை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி, பக்கத்தில் பித்தளைக் குத்துவிளக்கு. முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்ததில் வேட்டியின் வெயில் பட்ட மடிப்புகளும் விளக்கின் பளபளப்பும் வெளுத்துவிட்டன. பிராக்கெட்டிங் இல்லை, இரண்டாவது ஷாட்டும் இல்லை. டார்க்டேபிளில் `highlight reconstruction` என்ற பகுதியில் இதற்குப் பல முறைகள் இருக்கின்றன. ரா தெரபியில் `Color Propagation` இருக்கிறது. லைட்ரூம் முறையைத் தேர்ந்தெடுக்க விடாது, உள்ளுக்குள் தானே செய்துகொள்ளும்.

முறையைத் தேர்வதற்கு முன் சேதத்தை அளக்க வேண்டும். சென்சாரில் மூன்று சேனலும் ஒரே நேரத்தில் நிரம்புவதில்லை. பகல் வெளிச்சத்தில் பச்சை முதலில் நிரம்பும். சிவப்பும் நீலமும் பின்தங்குவதால்தான் ஒயிட் பேலன்ஸ் அவற்றைப் பெருக்குகிறது. ஒரு 14 பிட் கேமராவில் கருப்பு அளவைக் கழித்தபின் உச்ச மதிப்பு 15360 என்றும், சிவப்புக்கு 2.0, நீலத்துக்கு 1.5 பெருக்கு என்றும் வைத்துக்கொள்வோம். வேட்டியில் பச்சை சரியாக 15360-ஐத் தொடும்போது சிவப்பு 7680-லும் நீலம் 10240-லும்தான் நிற்கும். அதாவது வெள்ளைப் பொருளில் பச்சை நிரம்பியபின் நீலத்துக்கு இன்னும் அரை ஸ்டாப்புக்குச் சற்று மேலும், சிவப்புக்கு முழுசாக ஒரு ஸ்டாப்பும் இடம் மிச்சம்.

இப்போது கால் பங்கு கூடுதல் வெளிச்சம் விழுந்த ஒரு மடிப்பைப் பார்க்கலாம்:

```
R   9600 × 2.0 = 19200
G  15360 × 1.0 = 15360   (நிரம்பியது)
B  12800 × 1.5 = 19200
```

சிவப்பும் நீலமும் 19200-ல் இருக்க, பச்சை மட்டும் கீழே மாட்டிக்கொண்டது. மீட்பு இல்லாமல் விட்டால் அந்த மடிப்பு இளஞ்சிவப்பாகத் தெரியும். `clip highlights` மூன்றையும் 15360-க்கு வெட்டிவிடும். இளஞ்சிவப்பு போய்விடும், ஆனால் சிவப்பிலும் நீலத்திலும் உயிரோடு இருந்த மடிப்பு விவரமும் சேர்ந்து போய்விடும். இந்த மாதிரிக் கோப்புக்கு இந்த முறை வீண்.

`inpaint opposed` அந்த இரண்டு நல்ல சேனல்களைக் கொண்டு பச்சையை மதிப்பிடுகிறது. வெட்டுப்படாத ஓரப் பிக்சல்களில் நிறம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளந்து அதையும் சேர்த்துக்கொள்ளும். மேலே உள்ள மடிப்பில் பச்சை 19200-ஐ ஒட்டி வந்துவிடும், அதுதான் சரியான விடை. 4.2 பதிப்பிலிருந்து இதுவே டார்க்டேபிளின் இயல்புத் தேர்வு, வேகமும் அதிகம். வேட்டிக்கு இதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

இதன் பலவீனம் குத்துவிளக்கில் தெரியும். அந்த நிறத் திருத்தம் படம் முழுவதற்கும் பொதுவானது. வெளுத்த பரப்பில் பெரும்பங்கு வெள்ளை வேட்டி என்றால் திருத்தமும் வேட்டிக்கே பொருந்தும். பித்தளையின் பொன்னிறப் பளபளப்பு சாம்பல் கலந்த வெள்ளையாகிவிடும்.

அங்கேதான் `segmentation based` உதவுகிறது. வெளுத்த ஒவ்வொரு திட்டையும் தனித்தனியாகப் பிரித்து, அதனதன் சுற்றுப்புறத்திலிருந்து நிறத்தை எடுக்கிறது. வேட்டி வேட்டியின் நிறத்தையும் விளக்கு விளக்கின் நிறத்தையும் பெறும். ஆனால் வேட்டிமேல் விளக்கின் பளபளப்பு நேராக ஒட்டித் தெரிந்தால் இரண்டும் ஒரே திட்டாகிவிடும். அப்போது எல்லையில் நிறம் கசிவதை 100 சதவீதப் பெரிதாக்கலில் பார்க்கலாம். `combine` மதிப்பு திட்டுகளை ஒன்றுசேர்க்கும் ஸ்லைடர் என்பதால், கசிந்தால் அதைக் குறைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, `guided laplacians`. நல்ல சேனலின் நுண்விவரத்தை வெட்டுப்பட்ட சேனலுக்கு நகலெடுத்து, சுற்றியுள்ள நிறத்தை உள்ளே பரப்புகிறது. கணினியை நன்றாகத் திணறவைக்கும். விளக்கு முனையின் புள்ளி போன்ற பளபளப்புக்கு இதன் பலன் அழகு, பொன்னிறம் ஓரத்திலிருந்து மையம்வரை இழைகிறது. வேட்டி அளவுக்குப் பெரிய பரப்பில் நேரம்தான் செலவாகும். `diameter of reconstruction` வெளுத்த பரப்பைவிடச் சிறியதாக இருந்தால் நிறம் நடுவே எட்டாது, நடுவில் வெள்ளைத் தீவு மிஞ்சும்.

ரா தெரபியின் `Color Propagation` கிட்டத்தட்ட இதே வேலைக்குப் போட்டியாளர். முழுதும் வெளுத்த இடத்திலும் நிறத்தை இழுத்துவரும். அந்தத் துணிச்சலே அதன் ஆபத்தும்கூட: பக்கத்தில் தோலோ சிவப்புப் பட்டோ இருந்தால் அந்த நிறம் வேட்டிக்குள் திட்டாக ஏறும்.

எந்த முறையை மாற்றியும் இளஞ்சிவப்பு போகவில்லையா? முறைமேல் பழி போட வேண்டாம். `raw overexposed` குறியைப் போட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பு இருக்கும் இடத்தில் அந்தக் குறி விழாவிட்டால், சென்சார் உண்மையில் நிரம்பும் அளவு மென்பொருள் நினைக்கும் உச்சத்தைவிடக் கீழே இருக்கிறது என்று பொருள். `clipping threshold`-ஐ 1.0-லிருந்து 0.98, 0.96 என்று சிறிது சிறிதாக இறக்குங்கள். நிறம் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கும் கீழே இறக்கினால் நல்ல பிக்சலும் ஊகத்துக்குப் பலியாகும்.

கேமராத் திரையின் ஹிஸ்டோகிராமை மட்டும் நம்பி 'போய்விட்டது' என்று முடிவு கட்டவும் வேண்டாம். அது ஒயிட் பேலன்ஸ் பெருக்கிய ஜேபெக்கிலிருந்து வருவது. மேலே சொன்ன பெருக்கில், ரா கோப்பில் சிவப்பு நிரம்ப ஒரு ஸ்டாப் இருக்கும்போதே அங்கே சிவப்பு முட்டி நிற்கும்.

சரி, எல்லை எங்கே? அதே `raw overexposed` குறியில் எந்தெந்தச் சேனல் நிரம்பியது என்று பார்த்தால் தெரிந்துவிடும். பச்சை மட்டும் போன இடத்தில் வெள்ளை வேட்டிக்கு வரும் விடையை நம்பலாம். பச்சையும் நீலமும் போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சிய இடத்தில் மடிப்பின் ஒளியும் நிழலும் கிடைக்கும், நிறம் கிடைக்காது. புது வேட்டியின் முனையில் தடவிய மெல்லிய மஞ்சளை நினைத்துப் பாருங்கள். வெள்ளையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் நீலச் சேனல்தான். வெள்ளைத் துணியின் நீலம் உச்சத்தை 20 சதவீதம் தாண்ட, மஞ்சள் தடவிய இடம் அதைவிடப் பத்து சதவீதம் குறைவாக இருந்தாலும், இரண்டும் உச்சத்துக்கு மேலேதான். இரண்டுக்கும் கோப்பில் ஒரே எண்தான் பதிவாகியிருக்கும். அந்த மஞ்சளை எந்த முறையும் திருப்பித் தராது.

மூன்றும் நிரம்பிய இடத்தில் மீட்பு என்ற சொல்லுக்கே வேலை இல்லை. அங்கே வருவதெல்லாம் பூசியது. விளக்கின் பளபளப்பில் அந்தப் பூச்சு யாரையும் ஏமாற்றாது, ஏனெனில் அங்கே பார்ப்பதற்கு எந்த விவரமும் இருந்திருக்காது. வேட்டியிலோ, சரிகை நெசவோ மடிப்போ இருந்திருக்க வேண்டிய இடத்தில் மென்பொருள் வழவழப்பான பரப்பை வைக்கும். `segmentation based`-ன் `rebuild` வசதியும் இதைத்தான் செய்கிறது. வேட்டிக்கு அதை அணைத்தே வைக்கிறோம்.

எக்ஸ்போஷரையோ ஹைலைட் ஸ்லைடரையோ மேலும் இழுத்தால் அந்தத் திட்டு தட்டையான சாம்பலாக மாறி, கூர்மையான ஓரத்தோடு துருத்தி நிற்கும். அந்த ஓரம் கண்ணில் படத் தொடங்கியதும் ஸ்லைடரைக் கொஞ்சம் திருப்பி, ஓரம் கரையும் இடத்தில் விடுங்கள். திட்டு வெள்ளையாகவே இருக்கட்டும். வெயில் பட்ட வேட்டி வெள்ளையாக இருப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை, சாம்பல் திட்டைத்தான் கேட்பார்கள்.