விடுபட்ட துண்டு: விளிம்பைப் பார்ப்பதா, சமச்சீரைப் பார்ப்பதா?

ஒரு சதுரத்துக்குள் கோலம் மாதிரி ஒரு வடிவம். அதில் ஒரு பகுதி காலியாக இருக்கும். கீழே நான்கு துண்டுகள். எது பொருந்தும்? திறனறித் தேர்வுகளில் இந்த வகைக் கேள்வி ரொம்ப காலமாக இருக்கிறது. 1938-இல் உளவியலாளர் ரேவன் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையின் முதல் தொகுப்பிலேயே, துளை விழுந்த படத்துக்குத் துண்டு தேடும் கேள்விகள் உண்டு. அங்கே ஆறு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்று பெரும்பாலான தேர்வுகளில் நான்குதான்.

இதைப் போடுகிறவர்களைக் கவனித்தால் இரண்டு கட்சி தெரியும். ஒரு கட்சி நேராக விடைகளுக்குப் போய், ஒவ்வொன்றையும் துளையில் வைத்துப் பார்த்து, ஒட்டாததைக் கழித்துக்கொண்டே வரும். இன்னொரு கட்சி விடைகளைப் பார்க்காமலே துளைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று மனதில் வரைந்துவிட்டு, பிறகு அதைக் கீழே தேடும். எது மேல் என்று பொதுவாகப் பேசினால் பேசிக்கொண்டே இருக்கலாம். ஒரே படத்தில் இரண்டையும் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் சரி.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரம் வரைந்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டு நான்கு கட்டமாகப் பிரியுங்கள். வலது கீழ்க் கட்டம் காலி, அதுதான் துளை. மற்ற மூன்று கட்டங்களிலும் மூன்று பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, கட்டத்தின் வெளி மூலையிலிருந்து படத்தின் நடுப்புள்ளிக்கு வரும் ஒரு சாய்கோடு. இரண்டாவது, நடுப்புள்ளியை மையமாக வைத்து வரைந்த ஒரு வட்டத்தின் கால் பங்கு. அந்த வில், கட்டத்தின் உள் விளிம்புகள் இரண்டையும் சரியாக அவற்றின் நடுவில் தொடுகிறது. மூன்றாவது, ஒரு கறுப்புப் புள்ளி. இடது மேல் கட்டத்தில் அது மேல் விளிம்பை ஒட்டி இருக்கிறது. வலது மேல் கட்டத்தில் வலது விளிம்பை ஒட்டி. இடது கீழ்க் கட்டத்தில் இடது விளிம்பை ஒட்டி.

இனி விடைகள். 1: சாய்கோடு இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் போகிறது, வில் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது, புள்ளி கீழ் விளிம்பை ஒட்டி. 2: எல்லாம் அதேதான், புள்ளி மட்டும் வலது விளிம்பை ஒட்டி. 3: கோடும் புள்ளியும் முதல் விடையில் உள்ளதுபோல. வில் அதே இரண்டு இடங்களைத்தான் தொடுகிறது, ஆனால் படத்தின் நடுப்புள்ளியை நோக்கி உள்பக்கமாக வளைந்திருக்கிறது. 4: வில்லும் புள்ளியும் சரியாகத் தெரிகின்றன, ஆனால் சாய்கோடு வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்கு ஓடுகிறது.

முதலில் விளிம்பு வழி. துளை ஒரு மூலையில் இருப்பதால் மீதிப் படத்தோடு ஒட்டும் விளிம்புகள் இரண்டுதான்: துண்டின் மேல் விளிம்பும் இடது விளிம்பும். சாய்கோடுகள் மூன்றும் நடுப்புள்ளியில் வந்து சேர்கின்றன. நான்காவதும் அங்கே வர வேண்டும். 4-இல் வரவில்லை, அது போயிற்று. அடுத்து வில். மேலே உள்ள கட்டத்திலிருந்து இறங்கி வரும் வில், துண்டின் மேல் விளிம்பைச் செங்குத்தாகக் கடக்கிறது. 3-இல் உள்ள வில் அதே இடத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் விளிம்போடு படுத்தபடி கிளம்புகிறது. சேர்த்து வைத்தால் அந்த இடத்தில் ஒரு முறிவு தெரியும். ஆகவே 3-உம் போயிற்று.

விளிம்பு பார்க்கிறவர்கள் அதிகமாகச் சறுக்குவது இந்த வில்லில்தான். கோடு வந்து தொடும் இடம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ‘ஒட்டுகிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். இடத்தோடு திசையையும் பார்க்க வேண்டும். கோடு எந்தச் சாய்வில் வந்து சேர்ந்ததோ, அதே சாய்வில் துண்டுக்குள் தொடர வேண்டும். கேள்வி தயாரிக்கிறவர்களுக்கு இது தெரியும். தொடும் இடத்தைச் சரியாக வைத்துவிட்டு வளைவைத் திருப்பிப் போடுவது அவர்களுக்குப் பழக்கமான வேலை.

சரி, மீதி 1-உம் 2-உம். வித்தியாசம் புள்ளி மட்டும். விளிம்பு வழி இங்கே நின்றுவிடும், ஏனென்றால் அந்தப் புள்ளி ஒட்டும் விளிம்பு எதையும் தொடவில்லை. துண்டுக்குள் தனியாக மிதக்கும் எந்தப் பொருளைப் பற்றியும் விளிம்பால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இதற்கு மேல் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பாதிக்குப் பாதி ஊகம்தான்.

அடுத்து சமச்சீர் வழி. துளைக்கு மேலே இருக்கும் கட்டத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலக் கீழே கவிழ்க்கிறோம். அங்கே புள்ளி வலது விளிம்பில், ஆகவே துளையிலும் வலது விளிம்பில். விடை 2. உறுதிக்காகப் பக்கத்துக் கட்டத்தையும் வலப்புறமாகக் கவிழ்த்துப் பார்க்கிறோம். அங்கே புள்ளி இடது விளிம்பில், கவிழ்த்தால் வலது விளிம்பு. மறுபடியும் 2. இரண்டு சாட்சி ஒரே விடையைச் சொல்கின்றன, குறித்துவிடலாம் என்று தோன்றும்.

அது தவறு. இந்தப் படம் கண்ணாடிச் சமச்சீர் உடையதே அல்ல. எப்படித் தெரியும்? துளையைத் தொடாத ஒரு ஜோடியை எடுங்கள்: மேலே உள்ள இரண்டு கட்டங்கள். இடது மேல் கட்டத்தில் புள்ளி மேல் விளிம்பில். கண்ணாடிச் சமச்சீர் என்றால் வலது மேல் கட்டத்திலும் அது மேல் விளிம்பில்தான் இருக்க வேண்டும். ஆனால் வலது விளிம்பில் இருக்கிறது. மேல் விளிம்பு வலது விளிம்பாக மாறுவது கவிழ்ப்பதால் வராது, கால் சுற்று சுழற்றினால்தான் வரும். இடது கீழ்க் கட்டத்தையும் சேர்த்துக் கடிகாரத் திசையில் படியுங்கள்: இடது, மேல், வலது. அடுத்தது கீழ். விடை 1.

ஆக இரண்டாவது வழியின் பலவீனம் சமச்சீரில் இல்லை, அதைச் சோதிக்காமல் நம்புவதில் இருக்கிறது. துளையை ஒட்டிய கட்டத்திலிருந்து துளைக்குத் தாவுவது ஊகம். தெரிந்த கட்டத்திலிருந்து தெரிந்த இன்னொரு கட்டத்துக்குத் தாவிப் பார்ப்பதுதான் சோதனை. அங்கே விதி நின்றால் மட்டும் துளைக்குக் கொண்டுபோகலாம். இரண்டு பக்கத்துக் கட்டங்களும் ஒரே விடையைச் சொன்னது சாட்சியே ஆகாது. ஒரே தவறான விதியை இரண்டு தடவை பயன்படுத்தியதுதான் நடந்தது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. பக்கத்துக் கட்டங்களை விட்டுவிட்டு, துளைக்கு மூலைவிட்டத்தில் எதிரே இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். நம் படத்தில் அது இடது மேல் கட்டம். அதை அரைச் சுற்று திருப்பினால் மேல் விளிம்பில் இருந்த புள்ளி கீழ் விளிம்புக்கு வரும். விடை 1, நேராக. இது தற்செயல் இல்லை. படம் கால் சுற்றாகச் சுழலும் வகை என்றால், எதிர்க் கட்டம் இரண்டு கால் சுற்று தள்ளி, அதாவது அரைச் சுற்றில் இருக்கிறது. படம் இரண்டு அச்சிலும் கண்ணாடிச் சமச்சீர் உடையது என்றால், இடவலமாக ஒரு தடவையும் மேல்கீழாக ஒரு தடவையும் கவிழ்த்தால் எதிர்க் கட்டம் வரும், அதுவும் அரைச் சுற்றுக்குச் சமம். ஆக எந்த வகை என்று தெரியாமலே இரண்டுக்கும் ஒரே விடை கிடைக்கிறது. அடுத்தடுத்த கட்டங்களில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் படங்களிலும் இது நிற்கும், ஏனென்றால் இரண்டு தடவை மாறிய நிறம் பழைய நிறத்துக்கே வந்துவிடும்.

திருப்புவதற்கு மனதில் படத்தையே சுழற்ற வேண்டாம். பலருக்கு அது வராது, வந்தாலும் குழப்பும். ஒவ்வொரு பொருளாக எடுத்து, மேல் என்றால் கீழ், இடது என்றால் வலது என்று மாற்றிச் சொன்னாலே போதும்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ஒரு இலையின் படம் மாதிரி இடவலச் சமச்சீர் மட்டும் இருந்து, மேல் பாதியும் கீழ்ப் பாதியும் வேறு வேறாக இருந்தால் எதிர்க் கட்டம் உதவாது. அப்போது பக்கத்துக் கட்டத்தைத்தான் கவிழ்க்க வேண்டும். அதேபோல, ஒரே உருவம் திரும்பாமல் அப்படியே திரும்பத் திரும்ப வரும் படத்தில் அரைச் சுற்று தப்பான விடையைத் தரும். அங்கே நகல் எடுத்தாலே போதும். மேலே இருக்கும் இரண்டு கட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தச் சின்னச் சோதனை இந்த வகையையும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவதாக ஒரு குறுக்கு வழியும் புழக்கத்தில் இருக்கிறது: விடைகளை மட்டும் பார்த்து ஓட்டு எண்ணுவது. நம் படத்தில் சாய்கோடு மூன்று விடைகளில் ஒரே மாதிரி, வில் மூன்றில், கீழ் விளிம்புப் புள்ளியும் மூன்றில். மூன்றிலும் பெரும்பான்மைப் பக்கம் இருப்பது 1. விடை சரிதான்! சரியான துண்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கெடுத்துத் தவறான விடைகளைத் தயாரித்தால் இப்படித்தான் அமையும். ஆனால் தயாரிப்பவர் 3-இலும் 4-இலும் புள்ளியை வலது விளிம்புக்கு மாற்றிவிட்டால் போதும், ஓட்டு 2-க்குப் போய்விடும். அந்த இரண்டும் வேறு காரணத்தால் ஏற்கெனவே தவறு என்பதால் கேள்விக்கு ஒரு சேதமும் இல்லை. அவர் ஒரு நிமிடத்தில் கலைக்கக்கூடிய வழியை நம்பி விடை குறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் எந்த வழியில் தொடங்குவது? நான் விளிம்பில் தொடங்குவேன். அது வேகமானது, விதி எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஆனால் விடையைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்துவதில்லை. மிஞ்சிய இரண்டு விடைகள் எதில் வேறுபடுகின்றன என்று தெரிந்துகொள்ளத்தான். நம் படத்தில் அது புள்ளி. அது தெரிந்ததும் கோட்டையும் வில்லையும் மறந்துவிட்டு, மூன்று கட்டங்களிலும் புள்ளி எப்படி நகர்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். முழுத் துண்டையும் மனதில் வரைவதோடு ஒப்பிட்டால் வேலை மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

துளை இருக்கும் இடத்தைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். துளை மூலையில் இல்லாமல் படத்தின் நடுவில் இருந்தால் ஒட்டும் விளிம்புகள் நான்கு. கோடுகளும் பட்டைகளும் நிறைந்த படமாக அது இருந்தால் விளிம்பு வழியே பெரும்பாலும் முடித்துவைக்கும். அங்கே எண்ணிக்கையைவிட வரிசையைப் பாருங்கள். தடித்த கோடு, மெல்லிய கோடு, தடித்த கோடு என்று வரும் இடத்தில், அதே எண்ணிக்கையில் மெல்லியதில் தொடங்கும் துண்டு ஒன்று விடைகளில் இருக்கும். எதிர்மாறாக, நான்கு விடைகளும் விளிம்பில் ஒரே மாதிரி தொட்டால் விளிம்பில் அதற்கு மேல் ஒரு நொடியும் செலவிட வேண்டாம். கேள்வி முழுக்க உள்ளே மிதக்கும் பொருளில்தான் வைக்கப்பட்டிருக்கிறது.