ஏபிஎஸ் பெட்டியா, பாலிகார்பனேட் பெட்டியா?

இந்த இரு வகை பிளாஸ்டிக்கில் செய்த பயணப் பெட்டிகளைக் கடையில் அருகருகே வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். காலிப் பெட்டியின் நடுவே உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பாலிகார்பனேட் குழிந்து, கையை எடுத்ததும் பழைய வடிவுக்குத் திரும்பும். ஏபிஎஸ் விறைப்பாக நிற்கும். ஓங்கி அடிபட்டால் மூலையில் விரிசல் விடும். மாதம் இருமுறை விமானம் ஏறுகிறவருக்கு விலை கூடினாலும் பாலிகார்பனேட்தான் சரி. ஆண்டுக்கு ஒரு ரயில் பயணம் என்றால் ஏபிஎஸ் போதும்.

ஆனால் என் பாலிகார்பனேட் பெட்டியில் ஓடு உடையவில்லை, ஜிப்தான் பிளந்தது! சாதாரணச் சுருள் ஜிப்பைப் பேனா முனையால் குத்தியே திறந்துவிடலாம். இரட்டை அடுக்கு ஜிப் எளிதில் இடம் கொடுக்காது. சக்கரம் திருகாணியில் நின்றால் பின்னாளில் மாற்றலாம், ரிவெட் அடித்திருந்தால் சிரமம். இழுகைப்பிடியை முழுதாக நீட்டி ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் எந்த ஓடானாலும் வேண்டாம்.